ஊஞ்சல் ஏறியது, அலமாரி இறங்கியது

காஞ்சிபுரத்தில் புதுப் பட்டுப்புடவை விற்கும் கடைகளுக்கு இணையாகப் பழைய பட்டுப்புடவை வாங்கும் தொழிலும் நடக்கிறது. பாட்டியின் கூறைப்புடவையைக் கொண்டுபோனால் நிறத்தையோ கோர்வையின் நேர்த்தியையோ பார்த்து விலை சொல்ல மாட்டார்கள். சரிகையைத் தேய்த்துப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். புடவை எரிக்கப்படும், சாம்பலிலிருந்து வெள்ளி பிரியும். ஒரு குடும்பத்தின் கல்யாண நாள் சில கிராம் வெள்ளியாக முடிந்துவிடும். அதே புடவையை, கிழியாமல் இருந்தால், பழைய உருப்படியாகவே தேடி வாங்குகிறவர்கள் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் விலை வெள்ளியின் எடையோடு நிற்காது. அந்தப் புடவை இந்த இருவரில் யார் கைக்குப் போகிறது என்பதில்தான் அதன் விலை இருக்கிறது.

பழைய மரச்சாமான்களின் கதையும் இதே ஊரில் இதே போலத்தான் நடக்கிறது. கோயில் பார்க்க வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கைலாசநாதர் கோயிலையும் வரதராஜரையும் பார்த்துவிட்டு, காந்தி ரோட்டில் புடவை எடுத்துக்கொண்டு, மாலைக்குள் சென்னைக்குத் திரும்பிவிடுவார்கள். வண்டியை விட்டு இறங்கி ராஜ வீதிகளின் பின்னால் இருக்கும் தெருக்களிலும், பிள்ளையார்பாளையத்திலும், சின்ன காஞ்சிபுரத்து மாடத் தெருக்களிலும் நடந்தால் வேறொரு ஊர் தெரியும். திண்ணை வைத்த ஓட்டு வீட்டுக்கு அடுத்ததாக மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. அதற்கும் அடுத்த வீடு பாதி இடிந்து கிடக்கிறது. வாசலில் ஒரு சிறிய லாரி. அந்த லாரியில் என்ன ஏறுகிறது, எந்த வரிசையில் ஏறுகிறது என்பதைப் பார்த்தாலே பழைய சாமான் சந்தையின் பாதி விளங்கிவிடும்.

முதலில் ஏறுவது வாசல் நிலையும் கதவும். அடுத்து ஊஞ்சல் பலகை. பிறகு தூண்கள், இருந்தால். கல்லாப்பெட்டி, அஞ்சறைப்பெட்டி, பித்தளை அண்டா எல்லாம் ஒரு ஓரமாகப் பத்திரமாக வைக்கப்படும். வீட்டிலேயே பெரிய பொருளான மர அலமாரி கடைசியில்தான் வெளியே வரும். பல நேரம் முழுசாகக்கூட வராது, கழற்றிய பலகைகளாக வரும். அந்த வீட்டுக்காரர்கள் ஒரு காலத்தில் அதிகம் செலவழித்துச் செய்ததும், வந்தவர்களுக்குப் பெருமையாகக் காட்டியதும் அந்த அலமாரியைத்தான்.

அது ஏன் பலகையாகிறது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆறடி உயரம், நாலடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள தேக்கு அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கங்கள், முதுகு, கதவுகள், மேல் கீழ்ப் பலகைகள், நடுவில் நாலு தட்டுகள் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ நூறு சதுர அடிப் பலகை வரும். முக்கால் அங்குலக் கனம் என்றால் ஆறு கன அடிக்குச் சற்று மேல். சட்டங்களையும் சேர்த்தால் எட்டு கன அடியைத் தொடும். பிரிக்கும்போது ஆணித் துளை, பிளவு, பூச்சி அரித்த ஓரம் என்று மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோகும். கையில் மிஞ்சுவது ஐந்து கன அடி. பழைய தேக்கு கன அடி இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் மரத்தின் மதிப்பு பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. பிரிக்கும் கூலியும் வண்டி வாடகையும் வியாபாரியின் லாபமும் போனால், வீட்டுக்காரருக்கு எட்டு அல்லது ஒன்பதாயிரம் கொடுக்கலாம். பழைய மரக்கடைக்காரர் மனத்தில் ஓடும் கணக்கு இதுதான்.

அதையே அலமாரியாக விற்பவரின் கணக்கு வேறு. கதவின் கீல் மாற்ற வேண்டும், பழைய பாலிஷை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும், நாலு ஆள் வைத்துத் தூக்க வேண்டும், வாங்குகிறவர் வரும்வரை கடையில் இருபது சதுர அடி இடத்தை அதற்கு ஒதுக்க வேண்டும். இதற்கெல்லாம் பதினைந்தாயிரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வாங்க வருபவர் இருபதாயிரத்துக்கு மேல் தர மாட்டேன் என்றால் வீட்டுக்காரருக்குக் கிடைக்கக்கூடியது ஐந்தாயிரம். மரக்கடைக்காரர் எட்டாயிரம் தருகிறார். அலமாரியின் கதி அங்கேயே முடிவாகிவிடுகிறது. அது நன்றாகச் செய்யப்பட்டதா, எத்தனை வயது என்ற கேள்விகளே எழுவதில்லை. எந்தப் பழைய சாமானுக்கும் அடியில் மரத்தின் விலை என்ற ஒரு தரை இருக்கிறது. ஆசையின் விலை அந்தத் தரைக்குக் கீழே இறங்கிய அன்று சாமான் மரமாகிவிடும்.

ஆசை ஏன் இறங்கியது? இருபது ஆண்டுகளுக்குள் கட்டிய எந்தக் குடியிருப்பின் படுக்கையறையிலும் சுவரோடு சேர்த்து அலமாரிக்கு இடம் விட்டிருக்கிறார்கள். தனியாக நிற்கும் அலமாரிக்குச் சுவர் மிச்சமில்லை. அதற்கும் முன்பே இரும்பு வந்துவிட்டது. கோத்ரெஜ் நிறுவனம் 1923-இல் இரும்பு பீரோ செய்யத் தொடங்கியது. கரையான் ஏறாது, பூட்டு உறுதி, பட்டும் நகையும் பாதுகாப்பாக இருக்கும். பட்டுப்புடவை வீட்டுக்கு வீடு இருக்கும் தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் கிடையாது. சீர்வரிசையில் பீரோ சேர்ந்தது. மர அலமாரி பின்கட்டுக்குப் போனது. பெரிய கட்டில்களுக்கும் ஏறக்குறைய இதே நிலை. கடையில் கிடைக்கும் மெத்தைகள் குறிப்பிட்ட சில அளவுகளில் வருகின்றன. தாத்தா காலத்துக் கட்டில் ஒரு கை அகலம் கூடவோ குறையவோ இருக்கும். அதற்கென்று மெத்தை தைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டிலை அறுக்க வேண்டும். அறுத்த கட்டிலுக்கு அதன்பின் பழம்பொருள் விலை கிடையாது.

ஊஞ்சலின் கதை இதற்கு நேர் எதிர்.

காஞ்சியின் பழைய வீடுகளில் கூடத்து உத்தரத்திலிருந்து சங்கிலி தொங்கும். அதில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டு அங்குலக் கனத்தில் ஒரே பலகை. கன அளவாகப் பார்த்தால் இரண்டு கன அடி, மேலே சொன்ன விலையில் ஐயாயிரம் ரூபாய் மரம்தான். ஆனால் யாரும் அதை மரக்கணக்கில் கேட்பதில்லை. பல மடங்கு கொடுத்து எடுத்துப் போகிறார்கள். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஒற்றைப் பலகையில் இரண்டடி அகலம் வர வேண்டுமென்றால் அந்தத் தேக்கு நூறு ஆண்டுக்கு நெருக்கமாக நின்று வளர்ந்திருக்க வேண்டும். தோட்டத் தேக்கை இருபது, முப்பது ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். அதில் அந்த அகலத்துக்கு வைரம் பாய்ந்த பலகை எடுக்க முடியாது. துண்டுகளை ஒட்டித்தான் அகலம் கொண்டுவர வேண்டும். பர்மாத் தேக்கும் பழையபடி வருவதில்லை. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத மரத்தை ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. ஆகப் புதிதாகச் செய்ய முடியாத பொருளாக ஊஞ்சல் பலகை மாறியிருக்கிறது.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஊஞ்சலுக்கு இன்றும் வேலை இருக்கிறது. கல்யாணத்தில் ஊஞ்சல் சடங்கு போகவில்லை. மண்டபம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அடுக்குமாடி வீட்டின் கூரையில் கொக்கி போட முடியாதவர்கள் தரையில் நிற்கும் சட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். மண்டப அலங்காரம் செய்கிறவர்கள் வாடகைக்கு விடப் பழைய ஊஞ்சல்களைத் தேடுகிறார்கள். இன்னொன்றையும் காஞ்சியில் நின்றுகொண்டு சொல்லாமல் இருக்க முடியாது: பட்டு விளம்பரப் படங்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பட்டுடுத்திய பெண் எங்கே உட்கார்ந்திருக்கிறாள்? ஊஞ்சலில், அல்லது தேக்குத் தூணில் சாய்ந்து, குமிழ் வைத்த கதவுக்கு முன்னால் நிற்கிறாள். அலமாரிக்கு முன்னால் யாரும் நிற்பதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறியில் நெய்த புடவையை விற்பதற்காக எடுத்த படம், அதே ஊரின் பழைய ஊஞ்சலுக்கும் கதவுக்கும் விலை ஏற்றிக்கொண்டிருக்கிறது.

கல்லாப்பெட்டிக்கு வருவோம். பட்டு வியாபாரம் ஜமக்காளம் விரித்துத் தரையில் உட்கார்ந்து நடந்த தொழில். கணக்குப்பிள்ளையின் முன்னால் சாய்வான மூடி போட்ட சிறிய மரப்பெட்டி இருக்கும். மூடியின் மேல் பேரேட்டை வைத்து எழுதுவார். திறந்தால் உள்ளே காசுக்கும் மைக்கூட்டுக்கும் சிறு அறைகள். மேசை நாற்காலி வந்து, கால்குலேட்டரும் கம்ப்யூட்டரும் வந்தபின் இந்தப் பெட்டிகள் பரணுக்குப் போயின. நீண்ட காலம் அவற்றுக்கு விலையே இல்லை. பெட்டியில் இருக்கும் மரம் கொஞ்சம், பிரித்தாலும் எதற்கும் ஆகாது. பிரிக்க லாயக்கில்லாமல் இருந்ததால்தான் பல பெட்டிகள் பிழைத்தன என்றும் சொல்லலாம். இன்று அவை மடிக்கணினி வைக்கவும், சோபா பக்கத்தில் சிறு மேசையாகவும், நகைப் பெட்டியாகவும் போகின்றன. கைக்கு அடக்கமானவை, ஒரே ஆள் தூக்கலாம், காரின் பின் இருக்கையில் வைத்துக் கொண்டுபோகலாம், வெளிநாட்டுக்குக்கூடப் பெட்டியில் போட்டு அனுப்பலாம். நெசவாளர் வீட்டின் பழைய நாடாக்களுக்கும் இப்படித்தான் ஒரு புதுச் சந்தை பிறந்திருக்கிறது. ஊடை இழையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொண்டுபோன அந்த மரத்துண்டு இப்போது மேசை அலங்காரமாக நிற்கிறது. தறி ஓடுவது குறைந்ததால் பொருள் வெளியே வந்தது, வெளியே வந்ததால் விலை வந்தது. நெசவு செய்தவருக்கு இதில் மகிழ ஒன்றுமில்லை.

இறங்கும் அலமாரியும் ஏறும் ஊஞ்சலும் காஞ்சிக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கிலாந்தில் பழைய மகாகனி மேசை, அலமாரி, இழுப்பறைப் பெட்டிகளின் விலையைத் தொடர்ந்து கணக்கிட ஒரு குறியீடே இருந்தது. 1968-ஐ நூறாக வைத்துத் தொடங்கிய அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறிக்கொண்டே போய், 2000களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டது. பிறகு பத்தாண்டுகளுக்கும் மேல் சரிந்தது. வீடு வாங்க முடியாத இளைஞர்கள் வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறினார்கள். பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசைக்கு அறை இல்லை. பெட்டியில் வந்து வீட்டில் பூட்டிக்கொள்ளும் மலிவுச் சாமான்கள் பெருகின. அதே நேரத்தில், அதே ஏலக்கூடங்களில், 1950களில் டென்மார்க்கிலும் அமெரிக்காவிலும் செய்த மெலிந்த கால் நாற்காலிகளின் விலை ஏறியது. இருநூறு ஆண்டு மூத்த மேசையைவிட ஐம்பது ஆண்டு நாற்காலி அதிகம் கேட்டது. வயதுக்கு விலை என்று நம்பியிருந்தவர்களுக்கு அது பெரிய அடி.

இந்தியாவில் இதற்கு நிகரான கதை சண்டிகரில் நடந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நம் ஊர் அரசு அலுவலகங்களின் மொட்டை மாடியிலும் உடைந்த நாற்காலிகள் குவிந்துதான் கிடக்கின்றன.

லெ கார்பூசியர் சண்டிகர் நகரத்தை வடிவமைத்தபோது அவருடைய உறவினரும் கட்டடக் கலைஞருமான பியர் ஜென்னரே 1951 முதல் 1965 வரை அங்கேயே தங்கி வேலை செய்தார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம், நூலகங்கள், ஊழியர் வீடுகள் எல்லாவற்றுக்கும் நாற்காலியும் மேசையும் வேண்டியிருந்தது. தேக்குச் சட்டம், பிரம்பு பின்னல், பக்கவாட்டில் பார்த்தால் கவிழ்த்த 'வி' போலத் தெரியும் கால்கள். உள்ளூர்த் தச்சர்கள் கையால், ஆயிரக்கணக்கில், குறைந்த செலவில் செய்தார்கள். முப்பது நாற்பது ஆண்டில் பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. இரும்பு நாற்காலியும் பிளாஸ்டிக் நாற்காலியும் வந்தபின் தேக்கு நாற்காலிகள் மாடிகளிலும் முற்றங்களிலும் மழையில் கிடந்தன. அலுவலகங்கள் அவற்றைக் கழிவுப் பொருளாக ஏலம் விட்டன. வாங்கியவர்களில் பலர் பழைய மரம் வாங்குகிறவர்கள். விறகாகப் போனதும் உண்டு.

1990களின் கடைசியிலும் 2000களிலும் பாரிஸ் வியாபாரிகள் சிலர் சண்டிகருக்கே வந்து, முறைப்படி நடந்த ஏலங்களில் இந்த நாற்காலிகளை வாங்கிக் கப்பலில் அனுப்பினார்கள். பிரம்பை மாற்றினார்கள், மரத்தைத் துடைத்தார்கள், கண்காட்சி வைத்தார்கள், புத்தகம் போட்டார்கள். அதன்பின் பாரிஸ், லண்டன், நியூயார்க், சிகாகோ ஏலங்களில் ஒரு நாற்காலி லட்சக்கணக்கான ரூபாய்க்குப் போனது. அலுவலகத்தின் சாமான் பட்டியலுக்காக அச்சுத்தகடு வைத்து முதுகில் எழுதிய துறைப் பெயரும் எண்ணும் அசலுக்குச் சாட்சியாக மாறின. அழிக்க வேண்டிய எழுத்து என்று தோன்றியதுதான் பிறகு விலையைத் தாங்கியது. அது தெரிந்ததும் போலி எழுத்துகளும் வந்தன.

அரசு விழித்தது 2011-இல். மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியச் சாமான்களை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. கணக்கெடுப்பில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாமான்கள் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் வெளிநாட்டில் விற்பனை நிற்கவில்லை. தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம், 1972, நூறாண்டு நிறைந்த பொருளுக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. கையெழுத்துச் சுவடிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு. ஜென்னரேயின் நாற்காலி நூறு வயதை இன்னும் எட்டவில்லை. அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013-இல் எடுத்த ஒரு படம் இந்த நாற்காலிகளின் பயணத்தைப் பின்னோக்கிக் காட்டுகிறது: பணக்கார வீட்டு வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், கப்பல், பட்டறை வழியாகச் சண்டிகர் அலுவலகம் வரை.

சண்டிகரில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நாற்காலிகளுக்கு விலை ஏறியது அவை நிறைய அழிந்தபிறகு. ஏராளமாக இருந்தபோது விறகு, குறைந்தபிறகு கலை. அது மட்டும் போதாது. மெலிந்த வடிவம், எந்த அறையிலும் பொருந்தும் அளவு, சொல்வதற்கு ஒரு பெயரும் ஒரு நகரமும், சாட்சிக்கு முதுகில் எழுத்து என்று எல்லாம் சேர்ந்திருந்தன. நம்முடைய தேக்கு அலமாரியும் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை யார் செய்தார், எந்த வீட்டுக்குச் செய்தார் என்று ஒரு வரி எழுத்து எங்குமில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் சந்தையை முழுசாகப் பார்க்கக் காரைக்குடிக்குப் போக வேண்டும். நகரத்தார் பர்மாவில் சேர்த்த செல்வம் தேக்காகவே செட்டிநாட்டுக்கு வந்து இறங்கியது. 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. 1960களில் அங்கே தொழில்கள் அரசுடைமை ஆயின. வருமானம் நின்றபின் பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாமல் தூணும் கதவும் கழற்றி விற்கப்பட்டன. தொடக்கத்தில் அவற்றுக்குக் கிடைத்தது மர விலைதான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் இந்த விற்பனையில் வளர்ந்தவை. பிறகு செட்டிநாட்டு வீடுகளே விடுதிகளாயின. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தினார்கள்; காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் அங்கே இருக்கிறது. பழைய தூண் எப்படி இருக்கும் என்று பார்த்து ரசிக்க ஒரு இடம் கிடைத்ததும், அது தன் வீட்டிலும் வேண்டும் என்று நினைப்பவர்கள் பெருகினார்கள். காஞ்சியிலேயே நைனாப்பிள்ளை தெருவில் காஞ்சிக் குடில் என்ற பழைய வீட்டை, அதன் புழங்கு பொருட்களோடு, பார்வைக்கு வைத்தார்கள். இப்படியொரு வீட்டில் நிற்கும்போதுதான் ஒரு பெஞ்சு எந்தச் சுவருக்காகச் செய்யப்பட்டது, ஊஞ்சல் ஏன் கூடத்தின் நடுவில் தொங்கியது என்பதெல்லாம் புரியும்.

பிரம்பு இன்னொரு பாடம். சாய்வு நாற்காலி, பிரம்பு பின்னிய நாற்காலி இரண்டும் ஒரு காலத்தில் அலுவலகத்து வாசனை அடித்த சாமான்கள். பின்னல் அறுந்தால் நைலான் வயர் பின்னிக் கொடுப்பார்கள். அரசு அலுவலக நாற்காலிகளை அப்படிப் பின்னிக் கொடுத்தவர்களில் பார்வையற்ற தொழிலாளர்கள் பலர். சில ஆண்டுகளுக்கு முன் பிரம்பு மறுபடி உலகெங்கும் நாகரிகமானது. கைப்பிடி நீண்ட சாய்வு நாற்காலியை விடுதிகள் தேடி வாங்கின. இப்போது பிரம்பு அப்படியே இருக்கும் நாற்காலிக்கு ஒரு விலை, வயர் பின்னிய நாற்காலிக்கு வேறு விலை. உட்கார வயர்தான் உறுதி. ஆனாலும் சந்தை பிரம்பைத்தான் கேட்கிறது.

இந்த இடத்தில் வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கு விலை ஏறினால் அதன் நகல் பட்டறையிலிருந்து உடனே வரும். புது மரத்தை டீ டிகாக்ஷனிலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் நனைத்துக் கருக்க வைப்பது பழைய வித்தை. கண்ணுக்குத் தெரியும் முகப்பைப் பார்க்காதீர்கள், குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். தேய்மானம் கை படும் இடத்திலும் கால் படும் சட்டத்திலும் மட்டும் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் அது பட்டறைத் தேய்மானம். இழுப்பறையை வெளியே எடுத்து மூலைப் பொருத்தைப் பாருங்கள். கையால் வெட்டிய பற்கள் ஒன்றுக்கொன்று சற்று மாறுபடும். வட்ட மேசை என்றால் அளவு நாடாவை எடுங்கள். மரம் ரேகையின் நீளவாக்கில் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். அறுபது எழுபது ஆண்டு ஆன ஒற்றை மரப் பலகை வட்டம் குறுக்கே கொஞ்சம் குறைந்திருக்கும். துல்லியமான வட்டமாக இருந்தால் சந்தேகப்படலாம். பலகையின் ஓரத்தில் வெளிறிய மரம் தெரிகிறதா என்றும் பாருங்கள். அது வைரம் பாயாத பகுதி; பூச்சி முதலில் அங்கேதான் துளைக்கும். துளையைச் சுற்றி மாவு போல் புதிதாகத் தூள் உதிர்ந்தால் பூச்சி உள்ளே உயிரோடு இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்ற சாமான்களுக்கும் பரவும்.

தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் சொல்கிற ரோஸ்வுட்டில் செய்த பொருள் என்றால் இன்னொரு கவனம் தேவை. இந்த மரவகை முழுவதும் 2017 ஜனவரி முதல் உலக வனவுயிர் வர்த்தக உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வந்தது. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் தாள் சரியாக இருக்கிறதா என்று முன்னாலேயே பார்க்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது. கோயில் நகரம் என்பதால் இதையும் சொல்கிறேன்: தேரிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கழன்ற மரச் சிற்பம் என்று சொல்லி யாராவது காட்டினால், அது எந்தக் கோயிலிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்டுவிட்டு, சரியான பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கோயில் சொத்து தனியாருக்கு விற்பனைக்கு வருவதில்லை. தமிழகக் காவல்துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு 1983 முதல் இயங்குகிறது. மரச் சிற்பமானாலும் திருட்டுப் பொருளை வாங்கினால் வழக்குத்தான்.

விற்கப்போகிறவர்களுக்குச் சொல்வதற்கும் இருக்கிறது, காஞ்சியில் இன்று விற்பவர்களே அதிகம். வீட்டை இடிக்க முடிவு செய்ததும் முதலில் வருகிறவர் மொத்த மரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்வார். அந்தத் தொகைக்குள் ஊஞ்சலும் கல்லாப்பெட்டியும் நிலைக்கதவும் சேர்ந்தே போய்விடும். பிரித்துக் கேளுங்கள். ஊஞ்சல் பலகையின் அகலத்தை அளந்து வையுங்கள். சங்கிலியையும் கொக்கியையும் பலகையோடு சேர்த்தே வையுங்கள், தனித்தனியாகப் போனால் இரண்டுக்கும் மதிப்புக் குறையும். எதையும் விற்பதற்கு முன் பாலிஷ் அடிக்காதீர்கள். பழைய மேல்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் விலை தெரிந்தவர் பாதியாகக் குறைத்துத்தான் கேட்பார். சாமான் அதன் இடத்தில் இருக்கும்போதே படம் எடுத்து, யார் காலத்தில் செய்தது, எந்தத் தச்சர், எந்த ஊர் மரம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடனேயே கொடுங்கள். சண்டிகர் நாற்காலியின் முதுகில் இருந்த எழுத்து செய்த வேலையை அந்தத் தாள் செய்யும்.

அந்தப் பெரிய அலமாரியை என்ன செய்வது? இன்றைய நிலவரத்தில் அதற்கு நல்ல விலை கிடைக்காது. ஆனால் இந்த விலையில், இந்தத் தரத்தில், வைரம் பாய்ந்த தேக்கில் ஒரு அலமாரியைப் புதிதாக யாராலும் செய்து கொடுக்கவும் முடியாது. வீட்டில் ஒரு சுவர் மிச்சமிருப்பவர்கள் மரக்கடைக்காரர் வருவதற்குள் போய் வாங்கிக்கொள்ளலாம். நல்ல மரச்சாமான் வேண்டும், பணம் அதிகமில்லை என்பவர்களுக்கு இன்று சந்தையில் இதைவிட மலிவாக ஒன்றும் கிடைக்காது.